கேபிளைக் கழற்றாமல் கோளாறைப் பிடிப்பது: போர்ட் மிரரிங் அறிமுகம்

ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவே, கடலை ஒட்டி, கடல்நீரைக் குடிநீராக்கும் சிறிய ஆலை ஒன்று. கரையில் பம்ப் ஹவுஸ். அங்கிருந்து சுமார் 400 மீட்டர் உள்ளே தள்ளி கன்ட்ரோல் ரூம். கடல்நீரை இழுக்கும் பம்பை ஓட்டும் டிரைவ் கரையில் இருக்கிறது. ‘இந்த வேகத்தில் ஓடு’ என்று அதற்குச் சொல்வதும், ‘இப்போது எவ்வளவு கரண்ட் இழுக்கிறாய்’ என்று கேட்பதும் உள்ளே இருக்கும் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கணினியின் வேலை. இரண்டுக்கும் நடுவே ஃபைபர். ஃபைபரின் இரு முனையிலும் ஒவ்வொரு சுவிட்ச். பம்ப் ஹவுஸ் சுவிட்சிலிருந்து டிரைவுக்கு மட்டும் மூன்று மீட்டர் செம்புக் கேபிள்.

தை மாதம் முழுக்க அங்கே ஒரே தொல்லை. விடியற்காலை 4 மணிக்கும் 7 மணிக்கும் நடுவே, ஒரு நாள் இரண்டு தடவை, இன்னொரு நாள் ஆறு தடவை, டிரைவோடு தொடர்பு போய்விட்டது என்று திரையில் அலாரம் வரும், பம்ப் நிற்கும். நைட் ஷிப்ட் ஆபரேட்டர் டார்ச்சை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடுவார். “கேபிளை ஒரு தடவ கழட்டி மாட்டுனா சரியாயிடுதுண்ணே. ரெண்டு மூணு நாள் ஓடும். பொறவு பழையபடி” என்றார் என்னிடம். டிரைவ் சப்ளை செய்தவர்கள் பிஎல்சி புரோகிராமில் தப்பு என்றார்கள். புரோகிராம் எழுதியவர் டிரைவ் பதில் சொல்வதில்லை என்றார். இரண்டு பேரிடமும் சான்று இல்லை. இடையில் டிரைவின் கம்யூனிகேஷன் கார்டை ஒரு தடவை மாற்றியும் பார்த்துவிட்டார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் போர்ட் மிரரிங் கைகொடுக்கும். இதுவரை செய்து பார்க்காதவர்களுக்காக, இந்த ஒரு பம்ப் ஹவுஸ் கதையை வைத்தே அதைச் சொல்கிறேன்.

முதலில் சுவிட்ச் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பழைய காலத்து ஹப், மீன் ஏலம் போல. ஒருவர் கூவினால் கூடத்தில் இருக்கிற எல்லார் காதிலும் விழும். சுவிட்ச் அப்படியல்ல, அது தபால்காரர். எந்த முகவரி எந்த போர்ட்டில் இருக்கிறது என்று கற்றுவைத்துக்கொண்டு, டிரைவுக்கு வந்ததை டிரைவின் போர்ட்டில் மட்டும் போடும். அதனால் லேப்டாப்பை சுவிட்சின் காலி போர்ட்டில் செருகி, லைனில் ஓடுவதைப் பதிந்து காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்தால், பிஎல்சியும் டிரைவும் பேசுவது உங்களுக்குத் தெரியாது. எல்லாருக்குமாக அனுப்பப்படும் சில அறிவிப்புகள் மட்டும் வந்து விழும். முதல் முறை செய்கிறவர்கள் பலர் அதைப் பார்த்துவிட்டு, லைனில் எதுவுமே ஓடவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

போர்ட் மிரரிங் என்பது சுவிட்சிடம் நாம் சொல்லிவைக்கும் ஒரு வேலை: ‘3ஆம் போர்ட்டில் போகிறதையும் வருகிறதையும் ஒரு நகல் எடுத்து 8ஆம் போர்ட்டிலும் போடு.’ லேப்டாப்பை 8இல் செருகிவிட்டு, 3இல் நடக்கும் பேச்சை முழுக்கக் கேட்கலாம். அசல் பேச்சு தன் வழியிலேயே போகும். இதற்கு மேனேஜ்டு சுவிட்ச் வேண்டும். உள்ளே போய் செட்டிங் மாற்ற வழியில்லாத மலிவு சுவிட்சில் இது கிடையாது.

இந்த ஆலையைப் பொறுத்தவரை மிரரிங்கின் பெரிய நன்மை, சந்தேகப்படும் கேபிளை நாம் தொடவே வேண்டாம் என்பது. கேபிளுக்கு நடுவே செருகிக் கேட்கும் டேப் என்ற கருவி உண்டு, மிரரைவிடத் துல்லியமானது. ஆனால் அதைப் பொருத்த கேபிளைக் கழற்றியாக வேண்டும். கழற்றி மாட்டினால் இரண்டு மூன்று நாள் சரியாகிவிடுகிறது என்று ஆபரேட்டரே சொல்கிறார். டேப் போட்டிருந்தால், கோளாறு ஒளிந்துகொண்ட அந்த மூன்று நாளைத்தான் பதிவு செய்திருப்பேன்.

மிரர் போடுவது பெரும்பாலான தொழிற்சாலை சுவிட்சுகளில் பிரவுசர் வழியாகவே முடியும். நகல் எடுக்கப்படும் போர்ட், நகல் விழும் போர்ட், எந்தத் திசை என்று மூன்றைக் கேட்கும். திசையில் இரண்டையும் தேர்ந்தெடுங்கள். சிஸ்கோ சுவிட்சில் `configure terminal` போட்டுவிட்டுக் கட்டளையாகக் கொடுத்தால் இவ்வளவுதான்:

```
monitor session 1 source interface Fa1/3 both
monitor session 1 destination interface Fa1/8
```

இரண்டாவது வரியில் எண்ணைத் தப்பாகக் கொடுத்துவிட்டால் வினை. சிஸ்கோவில் நகல் விழும் போர்ட் வழக்கமான வேலையை நிறுத்திவிடும். அங்கே ஏதாவது வால்வோ பம்போ தொங்கிக்கொண்டிருந்தால், அதனுடன் தொடர்பு அந்த நொடியே போய்விடும். காலியான போர்ட்தான் என்று கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு உறுதி செய்துகொண்ட பிறகே நான் எண்டர் தட்டுவேன். ஓடுகிற ஆலையில் ஷிப்ட் இன்சார்ஜிடம் சொல்லாமல் இதைச் செய்யவும் கூடாது.

லேப்டாப் பக்கம் ஒரே ஒரு வேலை. நெட்வொர்க் அடாப்டரின் பண்புகளில் ஐபிவி4, ஐபிவி6 இரண்டின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். வேறு வகைச் சுவிட்சுகளில் நகல் விழும் போர்ட் உள்ளே வருவதையும் ஏற்றுக்கொள்ளும். டிக் எடுத்த லேப்டாப் கேட்கும், அதுவாக எதையும் பேசிக் குழப்பாது.

இப்போது நான் செய்த ஒரு தப்பைச் சொல்லவேண்டும், புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அதில் விழுகிறார்கள். முதல் நாள் மாலை, எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று எல்லா போர்ட்டையும் நகல் எடுக்கச் சொல்லிவிட்டேன். வயர்ஷார்க்கில் ஆயிரக்கணக்கில் `[TCP Retransmission]` என்று கறுப்பு வரிகள். ‘மறுபடி அனுப்பப்பட்டது’ என்று பொருள், அதாவது ஏதோ தொலைந்திருக்கிறது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையில் எதுவும் தொலையவில்லை. ஒரே பாக்கெட் ஃபைபர் போர்ட்டில் நுழையும்போது ஒரு நகல், டிரைவ் போர்ட்டில் வெளியேறும்போது இன்னொரு நகல். ஒன்றையே இரண்டு தடவை பார்த்துக்கொண்டிருந்தேன். வேறுபடுத்துவது சுலபம். ஒரே பாக்கெட்டின் இரு நகல் என்றால் இரண்டுக்கும் இடையே சில மைக்ரோ நொடிகள்தான் இருக்கும், ஐபி தலைப்பில் உள்ள `Identification` எண்ணும் ஒன்றாகவே இருக்கும். உண்மையான மறு அனுப்பல் என்றால் நூற்றுக்கணக்கான மில்லி நொடி கழித்து, வழக்கமாக வேறு எண்ணோடு வரும். அன்றிலிருந்து ஒரு போர்ட் மட்டும்தான் மிரர் செய்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு: 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் இரு திசையும் நிரம்பி ஓடினால் 200 எம்பிபிஎஸ், அதை 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் ஊற்றினால் மீதி வழிந்துபோகும். வழிந்ததை நெட்வொர்க்கில் தொலைந்ததாக நாம் எண்ணிவிடுவோம்.

கோளாறு விடியற்காலையில் வருகிறது என்றால் இரவெல்லாம் பதிவு ஓடவேண்டும். வயர்ஷார்க் ஜன்னலைத் திறந்தபடி விட்டால் மெமரி நிறைந்து நின்றுவிடலாம். கூடவே வரும் `dumpcap` தான் இதற்கு ஏற்றது:

```
dumpcap -i 2 -f "host 192.168.10.21" -b filesize:20000 -b files:50 -w D:\cap\pump.pcapng
```

`192.168.10.21` டிரைவின் முகவரி. 20 எம்பிக்கு ஒரு கோப்பாக 50 கோப்பு எழுதும். 51ஆவது வரும்போது முதலாவதை அழித்துவிடும். இங்கே பிஎல்சி நொடிக்கு 5 தடவை டிரைவிடம் கேட்கிறது. ஒரு கேள்வி 66 பைட், ஒரு பதில் 83 பைட். இவற்றோடு ஒப்புகைகளையும், கோப்பில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சேரும் தலைப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் நாளொன்றுக்குச் சுமார் 130 எம்பிதான் ஆகும். ஒரு வாரப் பேச்சு இந்த 1 ஜிபிக்குள் அடங்கிவிடும். தொடங்குமுன் லேப்டாப் கடிகாரத்தையும் அலாரம் திரையின் கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே மூன்று நிமிடம் வித்தியாசம் இருந்தது. குறித்திருக்காவிட்டால் அலாரம் நேரத்தில் போய்த் தேடி, அங்கே எதுவும் இல்லை என்று திரும்பியிருப்பேன்.

அடுத்து, எதைத் தேடுவது. இந்த ஆலையில் பிஎல்சியும் டிரைவும் பேசும் மொழி மாட்பஸ் டிசிபி. பேச்சு எளிமையானது: பிஎல்சி ஒரு வரிசை எண் போட்டுக் கேள்வி கேட்கும், டிரைவ் அதே எண்ணோடு பதில் சொல்லும். நல்ல நேரத்தில் இப்படி இருக்கும் (முகவரியின் கடைசி எண்ணை மட்டும் காட்டுகிறேன், 10 பிஎல்சி, 21 டிரைவ்):

```
0.000000   .10 → .21   Query: Trans: 4711; Func: 3
0.006120   .21 → .10   Response: Trans: 4711; Func: 3
```

6 மில்லி நொடியில் பதில். இது கெட்டுப்போவதற்கு மூன்று விதம் உண்டு, மூன்றுக்கும் முகம் வேறு வேறு. ஒன்று, மறுப்பு: டிரைவ் உடனே பதில் சொல்கிறது, ஆனால் எக்செப்ஷன் என்று சொல்கிறது. 3 என்ற செயலுக்கு 131 என்று பதில் வரும். இல்லாத ரெஜிஸ்டரைக் கேட்டால் அதோடு எக்செப்ஷன் எண் 2 இருக்கும். அப்போது தப்பு புரோகிராமில், கேபிளைப் பார்க்கவே வேண்டாம். இரண்டாவது, தாமதம்: கேள்வி கிடைத்தது என்ற டிசிபி ஒப்புகை உடனே வந்துவிடும், மாட்பஸ் பதில் மட்டும் ஒரு நொடி கழித்து வரும். ஒப்புகை வந்ததென்றால் கேபிள் நன்றாக இருக்கிறது, டிரைவின் மூளை வேறு வேலையில் மூழ்கியிருக்கிறது. மூன்றாவது, மௌனம்: பதிலும் இல்லை, ஒப்புகையும் இல்லை.

முதல் இரவு கன்ட்ரோல் ரூம் சுவிட்சில், ஃபைபர் போர்ட்டை மிரர் செய்து பதிவு வைத்தேன். காலை 5.12 அலாரத்தில் கண்டது மௌனம்:

```
0.000000   .10 → .21   Query: Trans: 4766; Func: 3
0.400215   .10 → .21   [TCP Retransmission] Query: Trans: 4766
1.000340   .10 → .21   [FIN, ACK]
```

பிஎல்சி கேட்டது. பதில் இல்லை. 0.4 நொடியில் மறுபடி கேட்டது. ஒரு நொடி ஆனதும் பொறுமை இழந்து தொடர்பை முடித்துக்கொண்டது. அதுதான் அலாரம். ஆக, பிஎல்சி கேள்வி கேட்கத் தவறவில்லை என்பது உறுதி. புரோகிராம் எழுதியவர் தப்பித்தார். ஆனால் டிரைவ் பதில் சொல்லவில்லையா, சொன்ன பதில் வழியில் செத்ததா என்பது இந்த இடத்திலிருந்து தெரியாது. கன்ட்ரோல் ரூமிலிருந்து பார்த்தால், ‘அந்தப் பக்கம் எங்கேயோ’ என்பதற்குமேல் சொல்ல முடியாது.

இரண்டாவது இரவு பம்ப் ஹவுஸ் சுவிட்சில், டிரைவ் செருகியிருக்கும் 3ஆம் போர்ட்டை மிரர் செய்தேன். காலையில் திறந்தால் அதே காட்சி. கேள்வி டிரைவ் பக்கம் போகிறது, பதில் வரவில்லை. டிரைவ் சப்ளைக்காரர்மேல் பழி போட இதுவே போதும் என்று தோன்றும். அங்கே நின்றுவிடக் கூடாது, ஏனென்றால் மிரரின் மிகப் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது.

பாக்கெட்டைச் சுமந்து கேபிளில் போகும் ஒவ்வொரு ஃப்ரேமின் வாலிலும் நான்கு பைட் சரிபார்ப்பு எண் இருக்கும். வழியில் ஒரு பிட் மாறினாலும் கணக்கு ஒத்துவராது. ஒத்துவராத ஃப்ரேமை சுவிட்ச் வாசலிலேயே தூக்கி எறிந்துவிடும். பெரும்பாலான சுவிட்சுகளில் அதன் நகலும் மிரருக்கு வராது. டிரைவ் வாய்விட்டுப் பதில் சொல்லி, அது மூன்று மீட்டர் கேபிளில் சிதைந்திருந்தாலும், மிரரில் தெரிவது மௌனம்தான். அதே மாதிரி, கேள்வி மிரரில் தெரிகிறது என்றால் சுவிட்ச் அதை வெளியே தள்ளியது என்று மட்டுமே அர்த்தம், டிரைவுக்குப் போய்ச் சேர்ந்தது என்று அல்ல.

பேசியதா இல்லையா என்று கண்டுபிடிக்க இரண்டு வழி இருந்தது. ஒன்று சுவிட்சிலேயே இருக்கிறது: போர்ட் புள்ளிவிவரப் பக்கத்தில் `CRC Error` என்ற எண். எறியப்பட்ட ஃப்ரேம்கள் அங்கே கணக்கில் ஏறும். இரவு 10 மணிக்கு 3ஆம் போர்ட்டில் 1204 என்று எழுதிவைத்திருந்தேன். காலை 7 மணிக்கு 1688. டிரைவ் பக்கமிருந்து ஒரே இரவில் 484 சிதைந்த ஃப்ரேம்கள் வந்திருக்கின்றன.

இரண்டாவது வழி பதிவுக்குள்ளேயே இருந்தது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். இந்த டிரைவ் போன்ற பல சிறு சாதனங்கள் தாம் அனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஐபி `Identification` எண்ணை ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகும். நல்ல நேரத்தில் 10766, 10767, 10768 என்று ஒழுங்காக வந்தது. மௌனத்துக்குப் பிறகு டிரைவிடமிருந்து வந்த முதல் பாக்கெட்டின் எண் 10772. நடுவில் 10769, 10770, 10771 எங்கே? டிரைவ் அனுப்பியிருக்கிறது. நமக்கு வந்து சேரவில்லை. டோக்கன் வரிசையில் மூன்று எண் காணாமல் போனது போல, அந்த இடைவெளியே சாட்சி. இந்தச் சோதனை எல்லாச் சாதனத்திலும் செல்லாது. சில சாதனங்கள் எண்ணைப் பூஜ்யமாகவே வைத்திருக்கும், சில தாறுமாறாகப் போடும். நல்ல நேரத்துப் பதிவில் வரிசையாக ஏறுகிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆக டிரைவும் குற்றவாளியல்ல. கேள்வி அதற்குக் கிடைத்தது, பதிலும் சொன்னது. பதில் வரும் திசை மட்டும் கெட்டிருக்கிறது. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் போவதற்கு ஒரு ஜோடிக் கம்பி, வருவதற்கு வேறு ஜோடி. 1-2 முனைகள் ஒன்று, 3-6 முனைகள் மற்றொன்று. ஒரு ஜோடி மட்டும் கெடுவது சாதாரணம்.

டிரைவின் மின் இரைச்சல்தான் காரணம் என்று யாரும் சொல்லலாம். அதைத் தீர்க்க வயர்ஷார்க்கின் `Statistics` மெனுவில் `I/O Graphs` திறந்து, பத்து நிமிட இடைவெளி வைத்து, `tcp.analysis.retransmission` என்ற ஃபில்டரைக் கொடுத்தேன். பிற்பகல் இரண்டு மணிக்கு அதே வேகத்தில் பம்ப் ஓடியபோது கோடு தரையோடு கிடந்தது. இரவு இரண்டுக்குமேல் மெல்ல எழும்பி, ஐந்தரைக்கு உச்சம் தொட்டு, வெயில் ஏறியதும் மறுபடி தரைக்கு வந்தது. டிரைவின் இரைச்சல் என்றால் வெயிலையும் பனியையும் பார்த்து வந்திருக்காது. அந்த ஒரு இரவில் அலாரம் நான்கு, மறு அனுப்பல்களோ நூற்றுக்கணக்கில். தொலைந்ததை டிசிபி சத்தமில்லாமல் மறுபடி அனுப்பிச் சரிக்கட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு நொடிக்குள் சரிக்கட்ட முடியாதபோதுதான் நமக்கு அலாரம்.

அந்த வரைபடத்தை ஆபரேட்டரிடம் காட்டினேன். அவர் குடும்பம் உப்பளத்தில் வேலை செய்தது. பார்த்தவுடனே, “இது உப்பு நீர்த்துப்போற நேரம்ல” என்றார். சரியாகச் சொன்னார். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கச்சான் காற்றில் மாதக்கணக்காக அடித்துப் படிந்த உப்பை ஐப்பசி, கார்த்திகை மழை வெளிச்சுவரில்தான் கழுவும். பேனலுக்குள் படிந்தது அப்படியே கிடக்கும். தை மாதப் பனியில், விடிவதற்கு முன் அது ஈரப் படலமாகும். மின்சாரம் கடத்தும் அந்தப் படலம் கனெக்டரின் முனைகளுக்கு நடுவே பாலம் போடும். வெயில் வந்தால் காயும், கோளாறும் மறையும்.

அதன் பிறகுதான், சோதனை தொடங்கியபின் முதல் தடவையாக, கேபிளைக் கழற்றினோம். டிரைவ் முனையில் பிளக்கின் 1, 2 முனைகளில் தங்கப் பூச்சு தேய்ந்து, அடியில் இருந்த செம்புக் கலவை பச்சை பூத்திருந்தது. சுற்றிலும் வெள்ளைப் பொருக்கு. கழற்றி மாட்டினால் ஏன் சரியானது என்பதும் அப்போது விளங்கியது: செருகும்போது முனைகள் உரசி, பொருக்கு உதிர்ந்து புதிய உலோகம் தொடும். ஒவ்வொரு தடவையும் தங்கப் பூச்சு இன்னும் கொஞ்சம் தேயும், அடுத்த பனிக்கு இன்னும் சீக்கிரம் பச்சை பிடிக்கும். பேனலின் அடியில் கேபிள் நுழையும் ஓட்டையில், கேபிளைச் சுற்றி இறுக்கி அடைக்கும் கிளாண்டே இல்லை, கடல் காற்று நேராக உள்ளே வந்துகொண்டிருந்தது.

கேபிளையும், டிரைவின் சாக்கெட் இருந்த கார்டையும் மாற்றினோம். பழைய சாக்கெட்டில் புதுப் பிளக்கைச் செருகினால் பச்சை ஒட்டிக்கொள்ளும். ஓட்டைக்கு கிளாண்ட் போட்டு, பேனலுக்குள் ஈரம் படியாமலிருக்கச் சிறிய ஹீட்டர் வைத்தோம். வெளியில் திறந்து நிற்கும் வேறு இரண்டு இணைப்புகளுக்கு ஆர்ஜே45க்குப் பதிலாகத் திருகி மூடும் எம்12 டி-கோடு கனெக்டர் வாங்கச் சொன்னேன். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு அதன் நான்கு முனை போதும்.

மிரரை `no monitor session 1` என்று எடுத்துவிட்டு, `CRC Error` எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு வந்தேன். ஆபரேட்டர் ஷிப்ட் நோட்டில் பம்ப் கரண்ட், பிரஷர் கட்டங்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் இன்னொரு கட்டம் கோடு போட்டிருந்தார். காலை 6 மணிக்கு 3ஆம் போர்ட்டின் எண். மாசி பாதி வரை அதில் எல்லா நாளும் பூஜ்யம்.